நாலு சதவீதத்தை யார் நம்புவது

எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்பு வரை. மில்லில் ரிங் ஃப்ரேம் என்கிற நூற்கும் இயந்திரத்தில் அறுந்த நூலை இணைக்கிற வேலை. அதோடு யூனியன் செயலாளர். செயலாளர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மற்றவர்கள் முதலாளி அறையில் நின்றுகொண்டு பேசுவார்கள். நான் உட்கார்ந்து பேசுவேன். அதனால் என்னைப் போட்டார்கள்.

மில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் போகிற வழியில், எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கிறது. நூல் பொள்ளாச்சி வழியாகக் கோவைக்குப் போகும். கூலி ஒப்பந்தம் மட்டும் பாலக்காட்டில், லேபர் ஆபீசர் முன்னால். மூன்று வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம். வருஷா வருஷம் இத்தனை சதவீதம் உயர்வு என்று எண் போட்டு எழுத வேண்டும். எழுதிவிட்டால் மூன்று வருஷம் வாய் திறக்க முடியாது. விலைவாசி ஏறினால் கூடவே ஏறுகிற பஞ்சப்படி எங்களுக்குக் கிடையாது. முன்பு இருந்தது. அந்தக் காலத்துத் தலைவர் ஒருவர் ஒரு தீபாவளி போனஸுக்கு அதை விற்றுவிட்டார். மாலை போட்டோம்.

ஆகவே எங்கள் பேச்சுவார்த்தை உண்மையில் கூலியைப் பற்றியது அல்ல. இனி வரப்போகிற மூன்று வருஷத்தில் விலை எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே ஊகிப்பது. குறைவாக ஊகித்தால் எங்கள் வயிற்றில் அடி. அதிகமாக ஊகித்தால் மில் நூலை விற்க முடியாமல் ஷிப்டைக் குறைக்கும். முதலில் வீட்டுக்குப் போகிறவர்கள் தற்காலிகக்காரர்கள்.

நான் கையெழுத்துப் போட்ட முதல் ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு மந்திரி பக்கத்துச் சித்தூரில் மேடையேறினார். டெல்லியில் இருப்பவர். விலைவாசியைக் கட்டுக்குள் வைப்போம், தொழிலாளிகள் பயந்துகொண்டு அதிகம் கேட்க வேண்டாம் என்றார். நம்பினோம். சின்ன எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டோம். எங்களைப் போல எல்லா மில்லிலும் போட்டார்கள்.

தேர்தல் நெருங்கியது. தொழில் வளரட்டும், வட்டியை ஏற்றாதே என்று மத்திய வங்கிக்கு மேலிருந்து சொன்னார்கள். வட்டி ஏறவில்லை. பணம் தாராளமாக ஓடியது. மில் மூன்று ஷிப்டும் ஓடியது. ஓவர்டைம் கிடைத்தது. சில மாதம் எல்லோருக்கும் சிரிப்பு. அப்புறம் அரிசி ஏறியது, வாடகை ஏறியது, பஸ் ஏறியது. கூலி மட்டும் எழுதின இடத்திலேயே நின்றது. எண்தான் அதே எண். அதைக் கொண்டுபோனால் கடையில் பாதிச் சாமான்.

மந்திரி பொய் சொன்னார் என்று அப்போது வைதோம். பொய் என்று இப்போது நான் நினைக்கவில்லை. மேடையில் நின்றபோது அவர் நிஜமாகத்தான் சொல்லியிருப்பார். நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. நாங்கள் குறைந்த கூலிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தோம். அந்த நேரத்தில் விலையைக் கொஞ்சம் ஏறவிட்டால் மில்லுக்கு லாபம், ஆள் எடுப்பார்கள், ஓட்டு விழும். அவர் இடத்தில் எவன் உட்கார்ந்திருந்தாலும் அதையே செய்திருப்பான். நல்லவனும் செய்வான். நல்லவன் கொஞ்சம் வருத்தத்தோடு செய்வான்.

அடுத்த ஒப்பந்தத்துக்கும் மந்திரி பேசினார். யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு சதவீதம் கேட்டோம், வாங்கினோம். கோவையிலும் அப்படித்தான் வாங்கினார்கள். முதலாளிகள் நூல் விலையை ஏற்றினார்கள். நெய்கிறவன் துணி விலையை ஏற்றினான். எல்லோரும் எதிர்பார்த்த அளவுக்கு விலை ஏறியது. அந்தத் தடவை ஓவர்டைமும் இல்லை, புது ஆளும் இல்லை. மந்திரிக்கும் லாபமில்லை, எங்களுக்கும் லாபமில்லை. வட்டியை ஏற்றி விலையை நிறுத்தலாம். அந்தப் பெரிய கூலியை வைத்துக்கொண்டு அப்படி நிறுத்தினால் மில்கள் படுத்துவிடும். அதற்கும் எவனுக்கும் துணிச்சல் வரவில்லை. பெரிய பெரிய எண்களாக எழுதிக்கொண்டு எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அதற்குப் பெயர் வெற்றி. யூனியன் தலைவர் தன் படம் போட்டு வாசலில் தட்டி வைத்தார்.

அதிலிருந்து எங்களுக்குப் பன்னிரண்டு பழக்கமாகிவிட்டது. பேச உட்கார்ந்தால் முதலில் பன்னிரண்டு என்போம். அப்புறம்தான் தண்ணீர் குடிப்போம்.

இந்த முறையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலாளி கோவைக்காரர். அப்பாவிடமிருந்து மில்லை வாங்கி நடத்துகிறவர். மரியாதை குறையாமல் பேசுவார். மரியாதைக்குக் காசு செலவில்லை.

"நாலுங்க," என்றார்.

"நாலாயிரமுங்களா?"

"நாலு சதவீதமுங்க. வருஷத்துக்கு. மத்திய வங்கியோட இலக்கே நாலுதானுங்க. முன்ன மாதிரியில்லீங்க, இப்ப சட்டத்துலயே இருக்குது. வெல அதுக்கு மேல ஏறாம அவங்க பாத்துக்குவாங்க. அப்புறம் எதுக்குங்க பன்னெண்டு?"

பக்கத்தில், நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங் பகுதியின் கமிட்டி உறுப்பினர் இருந்தாள். நாங்கள் அவளை அம்மிணி என்று கூப்பிடுவோம். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"தக்காளி என்ன வெலன்னு மொதலாளிக்குத் தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியுமுங்க அம்மிணி."

"அது அந்தச் சட்டத்தப் படிச்சிருக்குதுங்களா?"

பேச்சு அன்றைக்கு அங்கேயே நின்றது.

அந்த மாதத்திலேயே மத்திய வங்கியிலிருந்து ஒரு அதிகாரி மில்லுக்கு வந்தார். ஆராய்ச்சிப் பிரிவு. தொழிற்சாலைகளுக்குப் போய், வரும் வருஷம் கூலி எவ்வளவு ஏறும், விலை எவ்வளவு ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவது அவர்கள் வேலைகளில் ஒன்றாம். முதலாளி எங்களையும் உள்ளே கூப்பிட்டார். அவர் சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர் என்று வாயைத் திறந்தவுடன் தெரிந்தது. எங்கள் யூனியன் தலைவரும் கார் அனுப்பச் சொல்லி வந்து சேர்ந்தார். அவர் மில்லில் ஒருநாளும் வேலை செய்தவர் அல்ல. பாலக்காட்டில் கட்சிக்காரர். நாங்கள் தமிழில் பேசினால் பாதி மலையாளத்தில் பதில் சொல்லுவார். எந்தப் பாதிக்கும் அர்த்தம் இருக்காது.

"மேடம், வட்டி குறைக்கணும்," என்று ஆரம்பித்தார். "ஞான் மந்திரிகிட்ட சம்சாரிச்சாச்சு." பேசியாகிவிட்டது என்கிறார்.

"சம்சாரிச்சுக்கோங்கோ," என்றார் அந்த அம்மாள். "மந்திரியும் சொல்லிப் பார்ப்பார். ஆனா வட்டி அவர் கையில இல்லை கேட்டேளா. ஆறு பேர் ஓட்டுப் போட்டுத் தீர்மானம் பண்றா. இப்ப அந்த ஆறு பேரும் கூடப்போற சமயம். நான் வட்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது."

"பேசப்படாதா?" என்றார் தலைவர்.

"கூட்டத்துக்கு முன்னால கொஞ்ச நாள், பின்னால கொஞ்ச நாள். வாயக் கட்டிண்டு இருக்கணும். விதி."

தலைவருக்கு வாயைக் கட்டுவது என்றால் என்னவென்றே புரியவில்லை. நாற்காலியில் சாய்ந்தார்.

நான் கேட்டேன். "அந்த ஆறு பேரு யாருங்க?"

"மூணு பேர் எங்க வங்கிக்காரா. மூணு பேர் வெளியாள். அவாள அரசாங்கம் நியமிக்கறது."

"அப்ப அரசாங்கத்தோட ஆளுதானுங்க."

"நியமிக்கற வரைக்கும்தான். நாலு வருஷம். அதுக்கப்பறம் மறுபடியும் கிடையாது. இன்னொரு தடவை போட மாட்டாங்கறதால யாருக்கும் தலையாட்ட வேண்டாம். அவா அவா எப்படி ஓட்டுப் போட்டா, ஏன் போட்டான்னு பெயரோட வெளியிடுவோம்."

"நாலுன்னு இலக்கு வெச்சது யாருங்க? அந்த ஆறு பேருங்களா?"

"இல்லை. அரசாங்கம். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எங்களக் கலந்துண்டு அவாதான் வைப்பா. எங்க போகணும்னு அவா சொல்றா. எப்படிப் போறதுங்கறது எங்க பொறுப்பு."

"அப்ப மாத்தலாமில்லீங்களா?"

"மாத்தலாம். ராத்திரியோட ராத்திரியா மாத்த முடியாது. ஊரறிய மாத்தணும். உங்களமாதிரி ஆள் அதப் பாத்துட்டுத்தானே அடுத்த எண் எழுதுவேள்?"

இதுவரை கேட்டது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். படித்தவர்கள் எதையும் வரிசையாகச் சொல்லுவார்கள். வரிசையாகச் சொன்னதெல்லாம் நிஜமாகிவிடாது. அதனால் நேராகக் கேட்டேன்.

"நாலுக்கு மேல ஏறாதுன்னு நீங்க உறுதி சொல்றீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

முதலாளி முகம் கறுத்தது.

"நான் சொன்னா நம்பவும் நம்பாதீங்கோ," என்றார் அவர். "நான் நல்லவளா, எங்க வங்கி கவர்னர் நல்லவரா, அது விஷயமே இல்லை. ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் எல்லை. நாலு நடு. மழை பேஞ்சு தக்காளி அழுகித்துன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஏத்தம் எல்லாச் சாமானுக்கும், எல்லாக் கூலிக்கும் பரவி அங்கேயே உக்காந்துடாம பாக்கறதுதான் எங்க வேலை."

"பாக்காம உட்டா?"

"தொடர்ந்து மூணு காலாண்டு ஆறுக்கு மேல போனாலோ, ரெண்டுக்குக் கீழ போனாலோ, நாங்க தோத்தோம்னு சட்டமே சொல்றது. ஏன் தோத்தோம், என்ன பண்ணப்போறோம், எப்ப சரியாகும்னு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கணும்."

"அத எங்களுக்குக் காட்டுவீங்களா?"

அந்த அம்மாள் மறைக்கவில்லை. "வெளியிடணும்னு சட்டத்துல இல்லை."

"நல்லாருக்குதுங்க," என்றேன். "தோத்தவரு ஜெயிச்சவருகிட்ட தனியா மன்னிப்புக் கேக்கறது."

"கிண்டல் பண்ணுங்கோ. ஆனா விலைக் கணக்கு எடுக்கறது நாங்க இல்லை, வேற ஆபீஸ். மாசா மாசம் பேப்பர்ல வரும். நாங்க தோத்தோமான்னு கண்டுபிடிக்க எங்க கடுதாசி உங்களுக்கு வேண்டாம்."

முதலாளி சும்மா இருந்திருக்கலாம். "பாருங்க, அரசாங்கமே தன் கையக் கட்டிக்கிச்சு," என்றார்.

"எதுக்குங்க கட்டிக்கோணும்?" என்றேன். "எந்தப் பைத்தியக்காரன் தன் கையத் தானே கட்டிக்குவான்?"

அம்மிணிதான் பதில் சொன்னாள். அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு காத்தால சத்தியம் பண்ணுவாருங்க. இன்னைக்குக் கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டேன்னு. பொய்யில்லீங்க. காத்தால நெசமாவே சொல்றாரு. சாயந்தரம் கூலி கைக்கு வந்ததும் வேற ஆளுங்க. நானும் நாலு வருஷம் சண்ட போட்டேன். அப்பறம் அவரே ஒரு நாள் மேஸ்திரிகிட்டப் போயி, கூலிய இவ கணக்குல போட்டுருங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"அவரேவா?" என்றார் அந்த அம்மாள்.

"அவரேதானுங்க. இல்லாட்டி கடன் குடுக்கற கடைக்காரன் எவனும் அவர நம்பறதில்லீங்களே. மளிகைக்கடையில ரெண்டு ரூவா சேத்தித்தான் போட்டான். இப்ப நம்பறான்."

"எழுதிக் குடுத்தத அவுத்துக்க முடியாதா?" என்று நான் கேட்டேன்.

"முடியுமுங்க. மேஸ்திரிகிட்டப் போய்க் கேக்கோணும். ஊருக்கே தெரிஞ்சுபோயிருமுங்க."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "நான் பத்துப் பக்கம் எழுதியும் இது வரலை," என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அவர் வந்த வேலையைக் கேட்டார். "அப்ப நீங்க என்ன எண் எழுதப்போறேள்?"

"இன்னும் தெரியலீங்க," என்றேன். அது நிஜம்.

அவர் போன பிறகு மில் வாசலில் கூட்டம் போட்டேன். இரண்டு ஷிப்ட் ஆட்களும் நின்றார்கள். பன்னிரண்டுக்குக் குறைந்தால் கையெழுத்து வேண்டாம் என்றார்கள் பழைய ஆட்கள். பன்னிரண்டு எழுதினால் முதலில் எங்களைத்தான் அனுப்புவார்கள் என்றார்கள் தற்காலிகக்காரர்கள். இரண்டும் சரி. எனக்கு அதிலிருந்துதான் யோசனை வந்தது. யோசனை என்று சொல்லக்கூடப் பெரிதில்லை.

ஐந்து கேட்போம் என்றேன். நாலு விலைக்கு, ஒன்று எங்களுக்கு. ஆனால் கூடவே ஒரு வரி. விலையேற்றம் தொடர்ந்து மூன்று காலாண்டு ஆறுக்கு மேல் போனால், ஒப்பந்தம் தானாகத் திறந்துகொள்ளும். ஆறுக்கு மேல் எவ்வளவு ஏறியதோ அவ்வளவும் கூலியில் சேரும். யாரையும் கெஞ்ச வேண்டாம். அந்த வங்கி தோற்றது என்று சட்டமே சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதே இடத்தில் நம் கதவையும் வைப்போம்.

"நடுவுல ஏறி எறங்குனா?" என்று ஒருவன் கேட்டான்.

"பொறுத்துக்கோணும்."

"ஆறு வரைக்கும் ஏறுனா?"

"அதும் நம்ம தலையிலதான்."

முணுமுணுத்தார்கள். பன்னிரண்டுக்குக் கை தட்டுகிற மாதிரி ஐந்துக்கு எவன் தட்டுவான். அம்மிணி கையைத் தூக்கினாள். தற்காலிகக்காரர்கள் தூக்கினார்கள். அப்புறம் மெதுவாக மற்றவர்களும்.

பாலக்காட்டில் லேபர் ஆபீசர் முன்னால் உட்கார்ந்தோம். ஐந்துக்கு முதலாளி உடனே சரி என்றார். முகத்தில் வெளிச்சம். அந்த வரியைப் படித்ததும் வெளிச்சம் போனது.

"இது எதுக்குங்க? அப்படி ஒரு நெலம வந்தா நான் உட்டுருவனா? நான் பாத்துக்க மாட்டனா?"

தலைவர் இன்னும் வேகமாக வந்தார். அந்த வரியை எடுத்துவிட்டு வேறொன்று எழுதலாம் என்றார். சூழ்நிலைக்கு ஏற்ப இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அழகான வரி. பேசினால்தானே அவருக்கு வேலை. கதவு தானாகத் திறந்தால் சாவி வைத்திருப்பவனை யார் மதிப்பார்கள். முதலாளியும் தலைவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"ஞான் இல்லே? பேடிக்கண்டா," என்றார் தலைவர் என்னிடம். பயப்படாதே என்கிறார்.

நான் மந்திரியை நினைத்துக்கொண்டேன். அவரும் இதேதான் சொன்னார், வேறு பாஷையில்.

"முதலாளி நல்லவருங்க," என்றேன். "இன்னைக்குச் சொல்றத நெசமாத்தான் சொல்றாரு. நாங்க கையெழுத்துப் போட்ட அடுத்த வருஷம் வெல பத்து ஏறுது, கூலி அஞ்சுதான்னு வெச்சுக்குங்க. அப்ப எங்களக் கூப்புட்டு ஏத்திக் குடுக்க அவருக்கு என்ன தலையெழுத்துங்க? நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

"அப்படி நம்பிக்கையில்லாம எப்படிங்க மில் நடத்தறது?"

"நம்பிக்கை வேணுமுன்னா அந்த வரி இருக்கட்டும். அது வேண்டாமுன்னா எடுத்துருங்க. எடுத்தா பன்னெண்டு."

லேபர் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி தன் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை காகிதத்தில் ஏதோ போட்டார். போடாமலே தெரியும். வரி இருந்தால் ஐந்து. இல்லாவிட்டால் பன்னிரண்டு. வாயால் சொல்லுகிற உறுதியின் விலை ஏழு சதவீதம்.

"அப்படீன்னா கீழ்ப்பக்கமும் எழுதுங்க," என்றார் முதலாளி. ஏமாந்தவர் அல்ல. "மூணு காலாண்டு ரெண்டுக்குக் கீழ போனா அடுத்த வருஷ உயர்வ நாலாக் கொறைக்கோணும். வங்கிக்கு ரெண்டு பக்கமும் எல்லை இருக்குதில்லீங்களா?"

அந்த அம்மாள் சொன்னதை நான் மட்டும் காதில் வாங்கியிருக்கவில்லை.

அம்மிணி என் சட்டைக் கையை இழுத்தாள். வேண்டாம் என்கிறாள். எனக்கும் வலித்தது. எங்களுக்கென்று கேட்ட அந்த ஒன்று போகும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கட்டுகிற கயிறு வேண்டுமென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விலையே ஏறாத வருஷத்தில் நாலு வந்தாலும் நாங்கள் தேறுவோம்.

"எழுதுங்க," என்றேன்.

தலைவர் எழுந்து வராந்தாவுக்குப் போய் போனில் பேசினார். மந்திரியிடம் என்றார். மந்திரியோ, மகளோ, யாருக்குத் தெரியும். திரும்பி வந்தபோது டைப் அடித்த தாள் மேஜையில் இருந்தது. அவர் கையெழுத்தும் வேண்டும்.

"இந்த வரி யாரு எழுதினது?" என்றார் லேபர் ஆபீசர். "இதுவரைக்கும் இந்த மாதிரி ஒண்ணு இங்க வந்ததில்லை."

"ஞான்தான்," என்றார் தலைவர்.

"இதுக்கு என்ன அர்த்தம் சார்?"

தலைவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, "எல்லாம் தொழிலாளிகளோட நன்மைக்கு," என்று சொல்லிப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

நான் அடியில் போட்டேன். சின்னதாக. அம்மிணி எனக்குக் கீழே போட்டாள். தற்காலிகக்காரர்கள் மறுநாள் காலை ஷிப்டுக்கு வழக்கம்போல வந்தார்கள்.